பழைய புத்தகத்தில் எதை அகற்றுவது, எதை விடுவது

பழைய புத்தகக் கடையில் வாங்கும் தமிழ்ப் புத்தகங்களில் மூன்று குறைகளைத் திரும்பத் திரும்பக் காணலாம். திறந்தவுடன் மூக்கில் அடிக்கும் பூஞ்சண மணம் ஒன்று. அட்டையில் கடைக்காரர் ஒட்டிய விலை ஸ்ரிக்கரும் அதன் பசையும் இன்னொன்று. மூன்றாவது, முன்னர் வைத்திருந்தவர் உள்ளே பென்சிலால் போட்ட கோடுகளும் எழுத்துகளும். இந்த மூன்றையும் கடதாசியைக் கெடுக்காமல், பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே அகற்ற முடியும். ஆனால் எங்களுடைய புத்தகங்களைப் பொறுத்தவரை மூன்றாவதை எப்போதும் குறை என்று சொல்லிவிட முடியாது.

யுத்த காலத்தில் வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் புத்தகங்களைக் கொண்டு போகவில்லை. கொண்டு போகக்கூடியது உடுப்பும் பிள்ளைகளும் சில பத்திரங்களும்தான். விடப்பட்ட புத்தகங்களில் பெரும்பாலானவை மழையிலும் கறையானிலும் அழிந்தன. எஞ்சியவை பழைய கடதாசிக் கட்டுகளோடு கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. அப்படி வந்த ஒரு பிரதியின் முதற் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் பெயரும் ஊரும் சில வேளை ஒரு குடும்பத்தின் வீட்டு நூலகத்தில் மிஞ்சிய ஒரே தடயமாக இருக்கும். ஆகவே அழிறப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு.

இதை ஒரு புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். கொழும்பு மருதானையில், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் நான் வாங்கிய நாவல் அது. எழுபதுகளில் வீரகேசரி பிரசுரமாக வந்த மலிவுப் பதிப்புகளில் ஒன்று. மெல்லிய அட்டை, பத்திரிகைக் கடதாசி போன்ற மங்கிய தாள். அட்டையின் மேல் மூலையில் வெள்ளை விலை ஸ்ரிக்கர். உள்ளே பல பக்கங்களில் பென்சில் கோடுகள். முதற் பக்கத்தில் ஒரு பெயர், வலிகாமம் வடக்கிலுள்ள ஓர் ஊரின் பெயர், 1984 என்ற ஆண்டு. புத்தகம் முழுவதும் மக்கல் மணம்.

வேலையின் ஒழுங்கு

முதலில் புத்தகத்தை உலர்த்த வேண்டும். பிறகு தூசியையும் பூஞ்சணத்தையும் தட்டி எடுத்து, மணத்தைப் போக்க வேண்டும். அதன் பின் பென்சில். கடைசியாக ஸ்ரிக்கர். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. ஈரப்பதம் உள்ள தாளில் அழிறப்பரைத் தேய்த்தால் தாள் நாரெழும்பிக் கிழியும். தூசி படிந்த அட்டையில் ஸ்பிரிட் பட்டால் அழுக்கு கரைந்து அட்டைக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அதை எடுக்க முடியாது.

மணம் எங்கிருந்து வருகிறது

பழைய புத்தகத்தில் இரண்டு வகை மணம் உண்டு. ஒன்று இலேசான இனிப்பு மணம், வனிலாவை நினைவூட்டும். மரக்கூழில் செய்த தாள் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைவதால் வருவது அது. தாளின் வயதே அந்த மணமாக வருகிறது, அதை அகற்றவும் முடியாது. மற்றது நிலவறை போன்ற, ஈரச்சாக்குப் போன்ற மணம். அது பூஞ்சணத்திலிருந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் தாளிலும் பசையிலும் பூஞ்சணம் வளரத் தொடங்கும். வாடைக்காற்றும் மழையும் உள்ள மாதங்களில் சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரிக்குள் நடப்பது இதுதான்.

பூஞ்சணம் இன்னும் உயிரோடு வளர்கிறதா, காய்ந்து அடங்கிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மென்மையான தூரிகை நுனியால் அந்த இடத்தை ஒருமுறை தொடுங்கள். தூள்போல எழும்பினால் அது காய்ந்தது. பிசுபிசுத்து இழுபட்டால் ஈரமாக இருக்கிறது. ஈரமாக இருப்பதைத் துடைக்கவே கூடாது. துடைத்தால் தாளின் நார்களுக்குள் அது அழுத்தப்பட்டு, நிறக்கறையாக நிரந்தரமாகத் தங்கிவிடும். உலரும் வரை காத்திருந்தே தொட வேண்டும்.

உலர்த்துவது என்றால் வெயிலில் போடுவதல்ல. எங்கள் வீடுகளில் மக்கிய எதையும் வெயிலில் காயவைத்தே பழக்கம். உடுப்புக்கு அது சரி, புத்தகத்துக்குச் சரியில்லை. மலிவுத் தாளில் உள்ள மரச்சத்து வெயில் பட்டால் வேகமாக மஞ்சளாகி நொறுங்கும் நிலைக்குப் போகும். ஒரு பக்கம் மட்டும் சூடேறுவதால் அட்டையும் வளையும். அறையில் நிழலான இடத்தில் புத்தகத்தை நிமிர்த்தி, பக்கங்கள் விசிறிபோல் சற்று விரிந்திருக்க நிறுத்துங்கள். மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றட்டும், புத்தகத்தின் மேல் நேராக வீச வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் மழையில்லாத நாளின் நண்பகலில் யன்னலைத் திறந்து வைத்தால் வேலை எளிதாகும். மழை நாளில் யன்னலைத் திறந்தால் வெளியே உள்ள ஈரந்தான் உள்ளே வரும்.

உலர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். அந்த நாவல் முதல் நாள் 212 கிராம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் நிறுத்தேன். ஐந்தாம் நாள் 204 கிராமுக்கு வந்தது. ஆறாம் ஏழாம் நாட்களில் எடை மாறவில்லை. எடை இரண்டு நாள் மாறாமல் நின்றால், அந்த அறையில் உலரக்கூடிய அளவுக்கு அது உலர்ந்துவிட்டது.

அடுத்தது தூரிகை வேலை. இதை வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து வரும்படி நின்று செய்ய வேண்டும். என்95 முகக்கவசமும் கையுறையும் தேவை. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. வர்ணம் தீட்டும் மென்மையான அகலத் தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து தாளின் ஓரத்தை நோக்கி, ஒரே திசையில், பக்கம் பக்கமாகத் தட்டி எடுங்கள். முதலில் மேல் விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள், தூசி அதிகம் சேர்வது அங்கேதான். பூஞ்சணம் விட்ட பழுப்பு, சாம்பல் நிறக்கறைகள் போகமாட்டா. அவற்றைப் போக்க வெளிற்றும் திரவம் எதையும் பாவிக்க வேண்டாம். கறையோடு சேர்ந்து தாளும் போய்விடும்.

கரியும் மூடிய பெட்டியும்

உலர்த்தித் தூசி தட்டிய பிறகும் கொஞ்சம் மணம் மிஞ்சும். அதற்கு மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று போதும். அடியில் அகலமான கிண்ணத்தில் ஏறக்குறைய 250 கிராம் கரியை வையுங்கள். மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஊக்குவிக்கப்பட்ட கரி மிகச் சிறந்தது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் அந்தக் கரியின் நுண்துளைகள் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவை அதே அளவில் வைக்கலாம், வேகம் குறைவு. அடுப்புக்கு எரிக்கும் சாதாரணச் சிரட்டைக்கரியும் ஓரளவு உதவும். ஆனால் அதை முதலில் வெயிலில் நன்றாகக் காயவைத்து, தூள் பறக்காதபடி மெல்லிய துணியில் கட்டி வைக்க வேண்டும்.

கிண்ணத்தின் மேல் ஒரு கம்பித்தட்டு, அதன் மேல் பக்கங்கள் விரிந்தபடி புத்தகம். கரியும் தாளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அப்பச்சோடாவைப் பக்கங்களுக்கு இடையே தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். அந்தத் தூள் தையலுக்குள்ளும் பசைக்குள்ளும் புகுந்துவிடும். பிறகு முழுவதையும் எடுக்க வழியில்லை. வாசனைத் தூள், சாம்பிராணிப் புகை, பூச்சி உருண்டை ஆகியவையும் மணத்தை அகற்றுவதில்லை. இன்னொரு மணத்தை மேலே பூசுகின்றன, அவ்வளவுதான்.

ஏழு நாட்கள் மூடி வையுங்கள். பிறகு புத்தகத்தை எடுத்துச் சுத்தமான பை ஒன்றில் போட்டு இரவு முழுவதும் கட்டி வைத்து, காலையில் பையைத் திறந்து உள்ளிருக்கும் காற்றை முகர்ந்து பாருங்கள். புத்தகத்தில் மூக்கை வைத்து முகர வேண்டாம். பூஞ்சண வித்துகள் உள்ளே போகும் என்பது ஒரு காரணம். மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடுவதால் சரியான விடை கிடைக்காது என்பது மற்றக் காரணம். மணம் இருந்தால் புதுக் கரியோடு இன்னொரு வாரம். என் நாவலுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகும் மக்கல் மணம் குறையவில்லை என்றால் பெரும்பாலும் முதுகுப் பசைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. மீண்டும் உலர்த்தலிலிருந்து தொடங்க வேண்டும்.

பென்சிலைத் தொடுவதற்கு முன்

இப்போது பென்சில். முன்பு சொன்ன வேலை இதுதான்: புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை புரட்டி, என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயர், ஊர், திகதி, பாடசாலை அல்லது வாசிகசாலையின் பெயர், பதிவு இலக்கம், அன்பளிப்பு வாசகம் ஆகியவற்றை அழிக்க வேண்டாம். நூலக முத்திரை இருந்தால் அதையும் தொட வேண்டாம். அந்த நூலகம் இன்றும் இயங்குமானால் முதலில் அவர்களிடம் கேட்பதே முறை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. யாருடைய அலுமாரியில் என்ன இருந்தது என்ற பதிவுகள் குறைந்துபோன ஒரு சமூகத்துக்குப் பென்சிலில் எழுதிய பெயரும் ஒரு பதிவுதான்.

அழிக்க எண்ணும் பக்கங்களையும் முதலில் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். யன்னலோரமாக, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்தால் மங்கிய பென்சிலும் தெளிவாகத் தெரியும். அதோடு நூலகம் நிறுவனத்தின் noolaham.org தளத்தில் அந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். இலங்கைத் தமிழ் நூல்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வரும் தளம் அது. உங்கள் புத்தகம் அங்கே இல்லையென்றால், எதையும் அழிக்காமல் முதலில் அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

என் நாவலில் முதற் பக்கத்துப் பெயரும் ஊரும் ஆண்டும் அப்படியே இருக்கின்றன. வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தார்கள். பலருடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த ஊரில் ஒருவர் இந்த நாவலை வைத்திருந்தார் என்று அந்த ஒரு வரி சொல்கிறது. உள்ளே இருந்தவை வேறு வகை. வரிக்கு வரி போட்ட கோடுகள், ஓரத்தில் கடைக்காரர் எழுதிய இரண்டு விலைகள், ஒரு கூட்டல் கணக்கு. கூட்டல் கணக்கைப் படமெடுத்துவிட்டு விட்டுவைத்தேன். கோடுகளில் வாசிப்பை மறைத்தவற்றையும் விலைகளையும் மட்டுமே அழித்தேன்.

அழிக்கும் முறை

பென்சில் என்பது காரீயக் கரி. அது தாளுக்குள் ஊறுவதில்லை, நார்களின் மேல் படிந்து நிற்கிறது. அதனால்தான் அழிறப்பரால் எடுக்க முடிகிறது. வெள்ளை நிற வைனில் அழிறப்பர் வாங்குங்கள். பென்சிலின் பின்முனையில் உள்ள இளஞ்சிவப்பு அழிறப்பரில் மணல்போன்ற தேய்ப்பான் கலந்திருக்கும், அது தாளைச் சுரண்டும். பாண் துண்டால் அழிக்கும் பழைய முறையும் வேண்டாம். அதன் துகளும் எண்ணெயும் தாளில் தங்கிப் பூச்சியை அழைக்கும்.

அழிறப்பரிலிருந்து கூர் மூலையுள்ள சிறு துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். பக்கத்தின் அடியில் மட்டமான தடித்த அட்டையை வைத்து, மறு கையின் இரண்டு விரல்களால் தாளை அகற்றிப் பிடியுங்கள். அந்த விரல்களுக்கு இடையே மட்டும், முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரே திசையில், எடை கொடுக்காமல் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் மடிந்து கிழியும். மூன்று நான்கு முறை இழுத்ததும் துகளைத் தூரிகையால் அகற்றுங்கள். முதுகு மடிப்புக்குள் தங்கும் துகள்கள் காலப்போக்கில் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தாளே காட்டும். மேற்பரப்பில் பஞ்சுபோல நார் எழும்பினாலும், அந்த இடம் மட்டும் பளபளத்தாலும், சாம்பல் நிறம் பரவினாலும் உடனே நிறுத்துங்கள். அழுத்தி எழுதிய கோட்டின் கரி போனாலும் பள்ளம் நிற்கும். பள்ளத்தைப் போக்க முயன்றால் ஓட்டைதான் விழும். தாளின் ஓரம் விரல் பட்டதும் நொறுங்குகிறது என்றால் அந்தப் புத்தகத்தில் அழிறப்பரையே பாவிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய அலுவலகங்களில் அழியாத பென்சில் என்று ஒன்று இருந்தது. கரியோடு சாயம் கலந்தது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில்போலத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்தால் இலேசான ஊதா மினுக்கம் இருக்கும். ஈரம் பட்டால் கடும் ஊதாவாகப் பரவும். அதை அழிறப்பரால் முழுதாக எடுக்க முடியாது. சந்தேகம் வந்தால் எச்சில் விரலோ ஈரத்துணியோ அருகில் போகக்கூடாது.

ஸ்ரிக்கரும் பசையும்

கடைசியாக அட்டை. சில்வர்ப் பாத்திரத்தின் ஸ்ரிக்கரைத் தேங்காய் எண்ணெய் பூசி எடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அட்டையில் அதைச் செய்தால் எண்ணெய் ஊறி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கறை நிரந்தரமாக நிற்கும். மண்ணெண்ணெயும் அப்படியே.

தலைமயிர் உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, 15 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து அரை நிமிடம் காட்டுங்கள். பசை இளகும். ஸ்ரிக்கரின் மூலையை நகத்தால் எழுப்பி, மேல்நோக்கி இழுக்காமல், அதன் மேலேயே மடித்துப் பின்னோக்கி மெதுவாக உரியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் அட்டையின் மேற்படலமும் சேர்ந்து உரியும். தடங்கல் வந்தால் நிறுத்தி மீண்டும் சூடு காட்டுங்கள். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அட்டைக்கும் ஸ்ரிக்கருக்கும் நடுவே செலுத்தி மெல்ல இழுத்தாலும் வரும்.

மிஞ்சும் பசைக்கு, அட்டை எந்த வகை என்று பார்க்க வேண்டும். பிளாஸ்ரிக் படலம் ஒட்டிய பளபளப்பான அட்டை என்றால், மருந்துக்கடையில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை இலேசாக நனைத்து, முதலில் உள்மடிப்பில் ஒரு புள்ளியில் சோதியுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்துங்கள். ஏறாவிட்டால் பசையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டி எடுக்கலாம். யன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் அடுப்பு எரியக்கூடாது. படலம் இல்லாத பழைய அட்டையில் எந்தத் திரவமும் வேண்டாம். அழிறப்பர்த் துண்டால் பசையின் மேல் மெல்ல உருட்டினால் பசை சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். என் நாவலின் அட்டை அந்த வகை. பசையின் பெரும்பகுதி வந்தது. ஸ்ரிக்கர் இருந்த சதுரம் மட்டும் சுற்றியுள்ள இடத்தைவிட வெளிர் நிறமாக நிற்கிறது. ஸ்ரிக்கர் மறைத்திருந்ததால் அந்த இடம் வெளிச்சம் படாமல் பழைய நிறத்திலேயே இருந்திருக்கிறது. அது கறையல்ல, அதை ஒன்றும் செய்யத் தேவையில்லை.

வேலை முடிந்த புத்தகத்தைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, இறுக்கமில்லாமல் நிறுத்தி வையுங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் அடுத்த மாரியில் அதே மணம் திரும்பும். ஒரு சிறு துண்டுத் தாளில் புத்தகத்தை எங்கே வாங்கினீர்கள், எந்தப் பக்கங்களில் எதை அழித்தீர்கள், எந்த ஆண்டில் என்று பென்சிலால் எழுதிப் பின்னட்டைக்குள் வையுங்கள். மைபோல் கரையாது, மங்காது என்பதால்தான் பென்சில்.